அறுப்பின் பண்டிகை ஆராதனை: ஒழுங்கு எங்கே சிதறுகிறது?

ஆராதனை ஒழுங்கைத் தயாரிக்கும்போது 'மையப்பொருள்: நன்றி' என்று தாளின் மேலே எழுதிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவதுதான் முதல் தவறு. நன்றி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எந்தப் பாட்டும் அடங்கிவிடும். மையப்பொருளை ஒரு முழு வாக்கியமாக எழுதினால்தான் எது வேண்டாம் என்று தெரியும்.

பெரியாறுக் கால்வாய் பாயும் மேலூர்ப் பக்கத்துச் சபை ஒன்றை வைத்துக்கொள்வோம். நிலம் உள்ளவர்களும் கூலிக்கு அறுத்தவர்களும் சேர்ந்தே உட்காருகிற சபை. 'விளைந்ததில் நிலமில்லாதவருக்கும் கடவுள் பங்கு வைத்திருக்கிறார்' என்பது மைய வாக்கியம்.

வாசிப்பைத் தேட, ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கியத்தில் 'அறுப்பு' என்று பார்த்தால் மத்தேயு 13இல் உள்ள களைகளின் உவமை கிடைக்கும். அங்கே அறுப்பு என்பது உலகத்தின் முடிவு. நம் வாக்கியத்துக்கு அது உதவாது. லேவியராகமம் 19:9-10 உதவும்: வயலோரத்தைத் தீர அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. சுவிசேஷத்துக்கு லூக்கா 12:16-21. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைக்கும் ஐசுவரியவானின் பேச்சில் எல்லாமே 'என்', 'என்' என்றுதான் வருகிறது. சங்கீதம் 65 மழையையும் விளைச்சலையும் கொடுத்தவரைப் புகழ்கிறது. திருச்சபை நாட்குறிப்பு அன்றைக்கு வேறு பகுதிகளைக் கொடுத்திருந்தால், அவற்றைப் படித்துவிட்டு வாக்கியத்தை மாற்றுங்கள். வாக்கியத்துக்காகப் பகுதிகளை வளைக்க வேண்டாம்.

அதிகம் கெடுவது பாட்டில்தான். தலைப்பைப் பார்த்து எடுக்கிறோம். நேரம் போதாமல் பல்லவியும் முதல் இரண்டு சரணமும் பாடி நிறுத்துகிறோம். ஏழைகளைப் பற்றிய வரி நான்காம் சரணத்தில் இருந்தால் எடுத்ததற்கே பயனில்லை. முழுப்பாட்டையும் வாசித்து, எந்தச் சரணங்கள் என்று பாடகர் குழுவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். இடமும் முக்கியம். தொடக்கப் பாட்டு துதியாக இருக்கட்டும், சங்கீதம் 65இன் தொனியில். 'என்னையே தருகிறேன்' என்ற வகைப் பாட்டு பிரசங்கத்துக்குப் பிறகு, காணிக்கையோடு வர வேண்டும். வசனம் கேட்பதற்கு முன்பே சபையை அர்ப்பணிக்க வைத்தால் எதற்கு மறுமொழியாக அதைப் பாடுகிறார்கள்?

ஜெபத்தில் வரும் தவறு வேறு. 'ஆண்டவரே, ஐசுவரியவான் களஞ்சியம் கட்டினான் என்று வாசித்தோம்' எனத் தொடங்கி இன்னொரு பிரசங்கமே ஓடிவிடும். வாசிப்புக்கு முன் வரும் பாவ அறிக்கையில் ஒரே வரி போதும்: 'எங்களுக்கென்று மட்டும் சேர்த்துவைத்ததை மன்னியும்.' மன்றாட்டில் ஆட்களைச் சொல்லுங்கள்: அறுவடை இயந்திரம் வந்தபின் வேலை குறைந்தவர்கள், குத்தகை கட்ட முடியாதவர்கள், தண்ணீர் எட்டாத கடைமடைக்காரர்கள். ஆனால் எல்லா ஜெபத்தையும் மையப்பொருளுக்குள் திணிக்காதீர்கள். அந்த வாரம் துக்கம் நடந்த வீட்டுக்கு நெல்லோடு சம்பந்தமில்லாத ஜெபம்தான் தேவை.

கடைசியாக ஏலம். காணிக்கையாக வந்த வாழைத்தாரையும் பூசணியையும் ஆசீர்வாதத்துக்கு முன்பே ஏலம் விட்டால், கூலிக்காரர் ஓரமாக நிற்க, வசதியுள்ளவர்களின் பெயர்தான் ஒலிபெருக்கியில் கேட்கும். ஆசீர்வாதம் முடிந்தபின் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கை ஏலம் விடாமல் தேவைப்படும் வீடுகளுக்கு ஒதுக்கிவிட்டு, அதை மன்றாட்டுக்கு முன்பே அறிவித்துவிடுங்கள்.