ஜிம் லெக்கிங்ஸோடு கடைவீதிக்கு: ஒரு பழைய குர்தா போதும்

சேலத்தில் காலை ஆறு மணிக்கு ஜிம்முக்குப் போய்விட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் போகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். உடுப்பு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. கறுப்பு லெக்கிங்ஸ் அப்படியே இருக்கட்டும். மேலே இருப்பதை மட்டும் மாற்றினால் போதும். லெக்கிங்ஸும் டி-ஷர்ட்டும் இரண்டுமே பின்னலாடைகள் என்பதால் இரண்டும் உடம்போடு ஒட்டும். நெசவுத் துணி அப்படி ஒட்டாமல் தோளிலிருந்து தானாக விழும். கீழே பின்னல், மேலே நெசவு என்று வைத்துக்கொண்டாலே உடை ஒழுங்காகத் தெரியும்.

முதல் படி: லெக்கிங்ஸைச் சோதியுங்கள்

பகல் வெளிச்சம் விழும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியைப் பார்த்தபடி குனியுங்கள். துணி இழுபட்டு உள்ளே இருப்பது தெரிந்தால், அந்த லெக்கிங்ஸ் ஜிம்மோடு நிற்கட்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் இது தெரியாது. தொடையின் உட்புறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் எழும்பியிருந்தாலும், முட்டியில் துணி தொளதொளத்துத் தொங்கினாலும் அதையும் ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: குர்தாவைக் குறைத்துத் தையுங்கள்

இந்த வேலையில் முக்கியமானது இதுதான். அலமாரியில் கிடக்கும் பழைய பருத்திக் குர்தா ஒன்றை எடுங்கள். முட்டி வரை நீளும் குர்தா லெக்கிங்ஸுக்கு மேல் விழும்போது பாதிச் சுடிதார் போலத் தோன்றும். இடுப்போடு நின்றுவிடும் சட்டையோ கடைவீதியில் நடக்கும்போது சங்கடம் தரும். சரியான நீளத்துக்கு நான் வைத்திருக்கும் அளவு எளிது: கைகளைத் தொங்கவிட்டு நில்லுங்கள், விரல் நுனிக்கு நான்கு விரற்கடை கீழே குர்தா முடிய வேண்டும்.

என்னுடையது 40 அங்குலக் குர்தா. இந்த அளவுப்படி எனக்கு 31 அங்குலம் வந்தது. ஓர் அங்குலம் மடிப்புக்காக விட்டு, 32 அங்குலத்தில் வெட்டச் சொன்னேன். எங்கள் தெருத் தையல்காரர் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, “அம்மா, நீளத்தை மட்டும் குறைத்தால் போதாது. பக்கத் திறப்பு இப்போது 22 அங்குலத்திலேயே தொடங்குகிறது. நடக்கும்போது இடுப்புப் பட்டை வெளியே தெரியும்” என்றார். இருபுறமும் 26 அங்குலம் வரை தைத்து மூடினார். கீழே ஐந்து அங்குலத் திறப்பு மிஞ்சியது. வண்டியில் ஏறி உட்கார அது போதும். வெட்டி எடுத்த துணியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒட்டுப்போட உதவும்.

மூன்றாம் படி: வியர்வை

முன்பு ஒருமுறை வியர்த்த டி-ஷர்ட்டுக்கு மேலேயே குர்தாவைப் போட்டுக்கொண்டு ஒரு வங்கி வரிசையில் நின்றேன். ஜிம்மில் இல்லாத வாடை அங்கே எழுந்தது. பாலியெஸ்டர் இழை தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் வியர்வையோடு வரும் உடம்பின் எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொள்ளும். உடம்புச் சூட்டில் வாடை மீண்டும் கிளம்புவது அதனால்தான். ஆகவே டி-ஷர்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். அக்குளையும் கழுத்தையும் ஈரத்துண்டால் துடைத்து, உலர்ந்த பிறகு, உள்ளே பருத்திப் பனியனும் மேலே குர்தாவும் போடுங்கள். லெக்கிங்ஸ் சொதசொதவென்று நனைந்திருந்தால் இந்த வழி உதவாது, வீட்டுக்குப் போய்விடுவதே நல்லது.

துவைக்கும்போது ஜிம் துணிகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது இழைமேல் படலமாகப் படிந்து வாடையைப் பூட்டிவிடும். சேலத்து மொட்டைமாடி வெயிலும் வேண்டாம், லெக்கிங்ஸின் இழுவைத்தன்மை சூட்டில் சீக்கிரம் போய்விடும். நிழலில் உலர்த்துங்கள்.

நான்காம் படி: காலும் பையும்

பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் ஓட்டக் காலணி மட்டும் போதும், குர்தாவையும் மீறி ஜிம்மைக் காட்டிக்கொடுக்க. தோல் செருப்பு ஒன்றைப் பையில் வைத்திருங்கள். காய்கறிக்குத் துணிப்பை தனியாக இருக்கட்டும். ஈர டி-ஷர்ட் கிடக்கும் பையில் கீரையை வைக்காதீர்கள்.

ஏற்காட்டுக்கு இதே உடை போதும், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிக்கும்போது காற்று குளிர்ந்துவிடும். ஜிம்முக்குப் போடும் ஜிப் வைத்த மேலங்கி அங்கே கைகொடுக்கும். ஒரே நிறத்தில், இடுப்போடு நிற்பதாகப் பாருங்கள். அதற்குக் கீழே குர்தா ஒரு சாண் தெரிந்தால் அழகாக இருக்கும். மேலங்கியும் குர்தாவும் ஒரே நீளத்தில் முடிந்தால் உருவம் கட்டையாகத் தெரியும்.

கோயிலுக்கும் துக்க வீட்டுக்கும் இந்த உடையில் நான் போவதில்லை. சந்தை, மருந்துக்கடை, மாவு மில், பிள்ளையின் பள்ளி வாசல் ஆகிய இடங்களுக்குத்தான் இது.