சவுதிக்கு வேலைக்குப் போகும் கோத்தகிரிப் பிள்ளைகளுக்கு

சூப்பர்வைசர் கத்தும்போது புரியாமலே தலையாட்டிவிடாதீர்கள், பாதித் திட்டு அதிலிருந்துதான் வருகிறது. இடத்தையும் எண்ணிக்கையையும் கையால் காட்டி, "மூன்றாவது மாடி, நாலு குழாய், இன்றைக்கே, சரியா?" என்று அரைகுறை இந்தியிலாவது திருப்பிக் கேளுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் வேலையைத் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும்.

அப்புறம் வீட்டுக்குப் பேசுவது. ராத்திரி ரூமுக்கு வந்த பிறகுதான் தனிமை அதிகம் வாட்டும், ஆனால் அங்கே 9 மணி என்றால் இங்கே 11.30, கொழுந்து பறித்துக் களைத்த அம்மா தூங்கியிருப்பார். அங்கே விடிகாலை 4.30க்குக் கூப்பிடுங்கள், இங்கே 7 மணி, தோட்டத்துக்குக் கிளம்பும் முன் பேசிவிடலாம். இரவில் கேட்க வீட்டிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள், எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்காத நாளிலும் அது கையில் இருக்கும்.