பத்து மணிக்குப் பசிக்காத பருப்பு சூப்

எடையைக் குறைக்கிறேன் என்று முதல் வாரம் இரவில் வெறும் காய்கறி சூப்தான் குடித்தேன். பத்து மணிக்கெல்லாம் வயிறு கூப்பிடும். செந்தூலில் எங்கள் பிளாட்டுக்குக் கீழேயே மாமாக் கடை. ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் உள்ளே போனதும் அன்றைய கட்டுப்பாடு முடிந்தது. சூப்பில் புரதமும் இல்லை, மெல்ல எதுவும் இல்லை. பிறகு எப்படிப் பசி தாங்கும்?

இப்போது செய்வது இது. இருவருக்கு 100 கிராம் பாசிப்பருப்பு, அதாவது அளவுக் கோப்பையில் அரைக் கோப்பை. ஆளுக்குச் சுமார் 12 கிராம் புரதம் கிடைக்கும், 175 கலோரி. கைப்பிடிக் கணக்கில் போடாதீர்கள், கை நாளுக்கு நாள் பெரிதாகும்.

பருப்பைக் கழுவி, நான்கு கோப்பைத் தண்ணீர், சிட்டிகை மஞ்சள்தூள், நான்கு பல் பூண்டுடன் அடுப்பில் வையுங்கள். கொதிக்கும்போது நுரை பொங்கும். கரண்டியால் எடுத்துவிட்டுத் தீயைக் குறைத்து, மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். 20, 25 நிமிடத்தில் ஒரு பருப்பை விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். தக்காளியையோ புளிப்பையோ முதலிலேயே போட்டால் பருப்பு வேகத் தாமதமாகும்.

வெந்ததும் பாதியை மட்டும் மசியுங்கள். மீதி முழுதாக இருந்தால்தான் வாய்க்கு வேலை இருக்கும். அப்புறம் நறுக்கிய கீரை இரண்டு கைப்பிடி, உப்பு, மிளகுத்தூள் சேர்த்து மூன்று நிமிடம் கொதிக்கட்டும். கடைசியில் டாவுன் சூப் தூவினால் வாசனைக்குக் கேட்கவே வேண்டாம்.

ஏமாறும் இடம் தாளிப்பு. பாட்டிலைச் சாய்த்து ஊற்றினால் மூன்று தேக்கரண்டி எண்ணெய் தெரியாமலே விழும். ஒரு தேக்கரண்டியே ஏறக்குறைய 40 கலோரி. இருவருக்கும் சேர்த்து இரண்டு தேக்கரண்டி அளந்து, சீரகமும் காய்ந்த மிளகாயும் தாளியுங்கள்.

சாலட்டுக்கு ஒரு வெள்ளரிக்காய், பாதி செங்குவாங். இரண்டையும் கட்டையாகவே நறுக்குங்கள். துருவினால் நாலு வாயில் தீர்ந்துவிடும். லிமாவ் கஸ்தூரி இரண்டைப் பிழிந்து, பொடித்த வறுத்த வேர்க்கடலை ஒரு மேசைக்கரண்டி. உப்பைச் சாப்பிட உட்காரும்போதுதான் போட வேண்டும். முன்கூட்டியே போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். பாட்டில் மயோனீஸ் வேண்டாமே.

முதலில் சாலட், பிறகு சூப், கூட ஆளுக்கொரு அவித்த முட்டை. எல்லாம் சேர்த்து ஆளுக்கு 350, 400 கலோரிக்குள் அடங்கும். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், சோற்றை ஒரேயடியாக நிறுத்தினால் சர்க்கரை இறங்கலாம் என்பதால், மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அப்படியே.

மிஞ்சிய சூப் குளிர்பெட்டியில் களி மாதிரி இறுகிவிடும். கெட்டுப்போகவில்லை, மறுநாள் வெந்நீர் ஊற்றி நன்றாகக் கொதிக்கவிட்டால் பழையபடி இளகும்.