இறக்குமதிப் பதிலீடு, ஏற்றுமதி வளர்ச்சி: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுப் பொருளைத் தடுத்து உள்நாட்டிலேயே தயாரிப்பது இறக்குமதிப் பதிலீடு; வெளிநாட்டில் விற்று வளர்வது ஏற்றுமதி வளர்ச்சி. இந்தியா கதவை மூடியது, தென் கொரியா திறந்தது, அதனால் கொரியா ஜெயித்தது என்று பலரும் எழுதுகிறார்கள். இதில் முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதியில்தான் தவறு தொடங்குகிறது. ஏற்றுமதியில் கொடிகட்டிப் பறந்த காலத்திலும் கொரியா தன் உள்நாட்டுச் சந்தையை இறுக்கமாகவே பூட்டி வைத்திருந்தது. வெளிநாட்டுக் கார்கள் அங்கே நுழைய 1980களின் பிற்பகுதி வரை தடை இருந்தது. அந்தத் தடையின் நிழலில்தான் ஹூண்டாய் 1975 கடைசியில் போனி காரைத் தயாரிக்கத் தொடங்கியது. எஞ்சின் தொழில்நுட்பம் மிட்சுபிஷியுடையது, வடிவமைப்பு இத்தாலியருடையது. நம் அம்பாசடருக்கும் இதே போன்ற பாதுகாப்பு இருந்தது. அதுவும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற வெளிநாட்டு மாடலில் இருந்து வந்ததுதான். ஆனால் போனி 1976-லேயே ஈக்வடாருக்குக் கப்பலேறியது. அம்பாசடரோ 2014-இல் உற்பத்தி நிற்கும் வரை பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. ஆகவே பாதுகாப்பு இருந்ததா இல்லையா என்பதோடு நிறுத்தாமல், அதற்குப் பதிலாக நிறுவனத்திடம் அரசு என்ன கேட்டது என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, 'நம் முதலாளிகளுக்கு வெளிநாட்டில் விற்கும் துணிவு இல்லை' என்று நிறுவனங்களைக் குறை சொல்வது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும். உலகச் சந்தையில் ஒரு சட்டையின் விலை 1,000 ரூபாய், அதற்கான துணி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூலி, இயந்திரம், லாபம் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 400. இப்போது அரசு சட்டைக்கு 50 சதவீதம், துணிக்கு 30 சதவீதம் இறக்குமதி வரி போடுகிறது. உள்ளூர் துணி ஆலையும் வரிக்கேற்ப விலையை உயர்த்தும். ஆக துணி 780 ரூபாய். சட்டையை உள்நாட்டில் 1,500-க்கு விற்கலாம், மிஞ்சுவது 720. அதே சட்டையை வெளிநாட்டுக்கு அனுப்பினால் கிடைப்பது 1,000-தான், மிஞ்சுவது 220.

ஒரே சட்டை, ஒரே தையல். ஆனால் உள்நாட்டில் 720, வெளிநாட்டில் 220. இந்த நிலையில் ஏற்றுமதி செய்யாமல் இருப்பதுதான் நிறுவனத்துக்குப் புத்திசாலித்தனம். வரிப்பட்டியலில் 50 சதவீதம் என்று இருந்தாலும், தைப்பவருக்குக் கிடைக்கும் உண்மையான பாதுகாப்பு 80 சதவீதம், ஏனென்றால் 400 மிஞ்சிய இடத்தில் இப்போது 320 கூடுதலாக மிஞ்சுகிறது. பட்டியலை மட்டும் பார்த்து விவாதிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

கொரியா இந்த முடிச்சை அவிழ்த்த விதம் கவனிக்க வேண்டியது. 1960களில் அங்கே ஏற்றுமதிக்கான மூலப்பொருளுக்கு இறக்குமதி வரி இல்லை. அதோடு நிற்கவில்லை. ஏற்றுமதியாளர் கையில் வெளிநாட்டு எல்.சி., அதாவது சரக்குக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம் இருந்தால், அதைக் காட்டித் தனக்குத் துணி தரும் உள்ளூர் ஆலைக்கு ஒரு உள்நாட்டு எல்.சி. திறக்கலாம். அந்த ஆலைக்கும் அதே சலுகைகள் போய்ச் சேர்ந்தன. திருப்பூரில் டிராபேக் தொகைக்காகக் காத்திருந்தவர்களுக்கு, வரி கட்டிவிட்டுத் திரும்பப் பெறுவதற்கும் முதலிலேயே கட்டாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் சொல்லாமலே புரியும். கடனிலும் இப்படித்தான். 1965-இல் வட்டி உயர்த்தப்பட்ட பிறகு சாதாரண வங்கிக் கடனுக்கு 26 சதவீதம், ஏற்றுமதிக் கடனுக்கு 6.5 சதவீதம்.

அப்போ சலுகை கொடுத்தால் போதுமா? இல்லை, இது மூன்றாவது தவறு. கொரிய அதிபர் பார்க் சுங் ஹீ ஆட்சியில் மாதந்தோறும் ஏற்றுமதிக் கூட்டம் நடந்தது, அதிபரே தலைமை தாங்கினார். சலுகைக் கடனுக்கான தகுதி, கப்பலேறிய சரக்கை வைத்து அளக்கப்பட்டது. வெளிநாட்டு வாங்குபவர் சரக்கைத் திருப்பி அனுப்பினால் அதை எந்த அதிகாரியாலும் மறைக்க முடியாது. நம் லைசென்ஸ் காலத்திலோ உற்பத்தித் திறனைக் கூட்டவே டெல்லியின் அனுமதி வேண்டும். எனவே அங்கே நிறுவனம் தரத்தையும் டெலிவரி தேதியையும் பழகியது, இங்கே கோப்பு நகர்த்தப் பழகியது.

இதைச் சொல்லும்போது கொரியத் தொழிலாளர்களை விட்டுவிடுவதும் தவறுதான். நீண்ட வேலை நேரம், நசுக்கப்பட்ட தொழிற்சங்கங்கள் எல்லாம் அந்த வெற்றிக்குக் கொடுத்த விலைக்குள் அடக்கம். தவிர, 1973-இல் தொடங்கிய கனரகத் தொழில் திட்டத்தில் சில ஆலைகள் தேவைக்கு மேல் பெருத்து, 1980 வாக்கில் அரசே தலையிட்டுச் சீரமைக்க நேர்ந்தது.

ஒரு பாதுகாப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க, உள்ளூர்ப் பொருளின் விலைக்கும் வரியில்லாத இறக்குமதி விலைக்கும் உள்ள இடைவெளியை ஆண்டுக்கு ஆண்டு கவனியுங்கள். பத்தாண்டு கழித்தும் அது குறையாமல், பொருளின் தரமும் உயராமல் இருந்தால், அந்த நிறுவனம் பழகிக்கொண்டிருப்பது வேறு ஏதோ ஒன்றை.