ராம்நாட்டுல இருந்து சென்னைக்கு வேலைக்குப் போறீங்களா? வாடகைய மட்டும் பாத்து வீடு பிடிக்காதீங்க

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரைன்னு நம்ம கடற்கரைப் பக்கத்துல இருந்து சென்னைக்குக் கிளம்புற தம்பி தங்கச்சிகளுக்காக இது. ஊர்ல 14,000 வாங்குனவங்களுக்கு அங்க 22,000 கையில வருதுன்னா பெருசாத்தான் தெரியும், ஆனா ஊர்ல வாடகை கிடையாது, வேலைக்கு வண்டியில பத்து நிமிஷம், சோறு அம்மா போட்டுருவாங்க, இந்த மூணுக்கும் அங்க காசு. அதனால பழைய பட்ஜெட்ல அங்கங்க கொஞ்சம் ஏத்தாம முதல்ல இருந்து போடுங்க.

உதாரணத்துக்கு கிண்டியில வேலை, கையில 22,000, இன்னும் ரெண்டு பேரோட சேந்து வீடுன்னு வச்சுக்குவோம். தொகையெல்லாம் கணக்கு காட்ட நான் போட்டது, நீங்க விசாரிச்சத அந்த இடத்துல போட்டுக்கங்க.

ஸ்டெப் 1: வாடகையும் போக்குவரத்தும் ஒரே தொகை

இத ரெண்டு கணக்கா எழுதுனீங்கன்னா ஏமாந்துருவீங்க. கூடுவாஞ்சேரியில ஒரு ஆளுக்கு 3,500-க்கு வீடு கிடைக்குது, கிண்டியிலயே 7,000 கேக்குறாங்க, பாதி காசு மிச்சம்னு தோணும். இப்ப கூடுவாஞ்சேரிய முழுசா எழுதுங்க. மின்சார ரயில் சீசன் டிக்கெட் ரொம்ப மலிவு, தாராளமாவே 300 வைப்போம். ஆனா வீடு ஸ்டேஷன்ல இருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர் உள்ள தள்ளி, ஷேர் ஆட்டோ போக 20 வர 20, மாசம் 26 நாளுக்கு 1,040. காலையில ஆறரைக்கே கிளம்புறதால வீட்ல ஆக்க முடியாது, வெளிய டிபன் 40 ரூபா, அதுவும் 1,040. மொத்தம் 5,880. கிண்டிக்கும் இதுக்கும் வித்தியாசம் வெறும் 1,120 தான், அதுக்காக தினமும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ரோட்லயும் ரயில்லயும் போகுது.

இதுக்கு நடுவுல ஒண்ணு இருக்கு. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம், ஸ்டேஷனுக்கு நடந்தே போற தூரத்துல, பழைய பில்டிங்கா இருந்தாலும் பரவால்ல, ஆளுக்கு 4,500-ன்னா சீசனோட சேத்து 4,800-ல முடிஞ்சுரும். அதனால ஏரியா பேர விட ஸ்டேஷன்ல இருந்து எத்தன நிமிஷம் நடக்கணும்னு பாருங்க. புரோக்கர் "அஞ்சு நிமிஷம் சார்"ம்பாரு, அது பைக்ல அஞ்சு நிமிஷம். வேலை நாள் காலையில நீங்களே ஒரு தடவ நடந்து பாத்துருங்க. ரயில் இல்லாத ரூட்டுன்னா எம்டிசி மாச பாஸ் 1,000 ரூபா. பொண்ணுங்களுக்கு சாதாரண கட்டண பஸ்ல டிக்கெட்டே இல்ல, ஆனா அந்த பஸ் உங்க ரூட்ல அடிக்கடி வருதான்னு பாத்துக்கங்க.

ஸ்டெப் 2: சம்பளம் வர்றதுக்கு முன்னாடி போற காசு

இங்கதான் நிறைய பேரு வட்டிக்கு வாங்குறாங்க. வீட்டு வாடகை 13,500, அட்வான்ஸ் அஞ்சு மாசம்னா உங்க பங்கு 22,500, முதல் மாச வாடகை 4,500, புரோக்கருக்கு ஒரு மாசம்னா அதுல 4,500, ஆக மொத்தம் 31,500. சட்டப்படி அட்வான்ஸ் மூணு மாச வாடகைதான், ஆனா அதுக்கு மேல நீங்க ஒத்துக்கிட்டு அக்ரிமெண்ட் போட்டா அது செல்லும், அதனால பேரம் பேசவாவது இதச் சொல்லுங்க. காலி பண்றப்ப பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பாங்கன்னும் அக்ரிமெண்ட்லயே எழுதிக்கங்க. மாச நடுவுல சேந்தீங்கன்னா முதல் சம்பளம் அரைகுறையாத்தான் வரும், சில கம்பெனியில அடுத்த மாசத்தோட சேத்துத்தான் போடுவாங்க. கையில அவ்வளவு இல்லன்னா முதல் ரெண்டு மாசம் சாப்பாட்டோட பிஜியில இருந்துட்டு, சம்பளம் வந்த பிறகு நிதானமா வீடு பாருங்க.

கரண்டுக்கு யூனிட் என்ன ரேட்டுன்னு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே கேளுங்க. தண்ணி உப்பா இருந்தா கேன் வாங்கணும், குடம் குடமா காசு குடுத்து தண்ணி வாங்குன நமக்கு இது ஒண்ணும் புதுசில்ல. ரெண்டுக்கும் சேத்து 600.

ஸ்டெப் 3: சாப்பாடு

மூணு வேளையும் வெளியன்னா நாளைக்கு 200, மாசம் 6,000, மெஸ்ல இத விடக் குறையாது, டீ வடை தனி. காலையும் ராத்திரியும் ஆக்கி மதியத்துக்கு டப்பா கட்டுனா 4,000-க்குள்ள அடங்கும், ஆனா வாரத்துல ரெண்டு நாள் முடியாமப் போகும், அதனால 5,500-ன்னே எழுதுங்க. அட்ரஸ் ப்ரூஃப் இல்லாம கேஸ் கனெக்‌ஷன் கிடைக்காது, ஐடி கார்டு காட்டி 5 கிலோ சின்ன சிலிண்டர் வாங்கிக்கலாம்.

ஊருக்கு வர்றப்ப முண்டு மிளகாய் அரைச்ச தூள், நெத்திலிக் கருவாடு எல்லாம் கட்டிட்டுப் போங்க, குழம்புச் செலவு நிஜமாவே குறையும். ஆனா ஹவுஸ் ஓனர் கருவாடு வறுக்க விடுவாரான்னு முன்னாடியே கேட்டுருங்க. "சைவம் மட்டும்"னு போர்டு வைக்க மாட்டாங்க, நீங்க சட்டிய அடுப்புல வச்ச பிறகுதான் மேல இருந்து இறங்கி வருவாங்க.

இப்ப கூட்டுங்க: வாடகை ரயில் 4,800, கரண்டு தண்ணி 600, சாப்பாடு 5,500, போன் 300, ஊருக்குப் போக வர 800, வீட்டுக்கு அனுப்ப 5,000. மொத்தம் 17,000, மீதி 5,000-த்த அட்வான்சுக்கு வாங்குன கடனுக்குக் கட்டுங்க. அந்த 800 எழும்பூர்ல ராமேஸ்வரம் ரயில் ஏறுறவங்களுக்கான கணக்கு, 60 நாளைக்கு முன்னாடியே புக் பண்ணிருங்க, தீபாவளி பொங்கலுக்கு ஆம்னி பஸ்ஸ நம்பி நின்னா அந்த மாசம் இந்தக் கணக்கு நிக்காது.