வெயில் காலத்தில் தள்ளுவண்டிச் சட்னி

சாலையோரக் கடையில் ஆவி பறக்கும் இட்லியைவிட, அதன் மேல் ஊற்றப்படும் தேங்காய்ச் சட்னியைத்தான் கோடையில் நான் அதிகம் கவனிப்பேன். இட்லி ஆவியில் வெந்து வருவதால் கிருமிகள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. சட்னியோ பச்சைத் தேங்காயை அரைத்து, கூட்டம் கூடக்கூடக் குடத்துத் தண்ணீரை ஊற்றி நீர்க்கச் செய்யப்படுவது, மேலே கொட்டும் தாளிப்பின் சூடு அதன் அடிவரை சென்று சேர்வதுமில்லை.

குடல் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் சில, இதமான வெப்பத்தில் ஏறத்தாழ 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிப்பாகக் கூடியவை. காலை 7 மணிக்கு அரைத்த சட்னியில் விழுந்த ஒரு கிருமி, அந்த வேகத்தில் 10 மணிக்குள் 512 ஆகிவிடும். புளித்த வாடையோ நுரையோ தெரிந்தால் தொடவே வேண்டாம். ஆனால் நோய்க்கிருமி இருந்தும் சுவை மாறாமல் இருக்கலாம் என்பதால், கடை திறந்தவுடன் சாப்பிடுவதும், பிறகு சென்றால் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் சாம்பாரை மட்டும் கேட்பதும் நல்லது.

நறுக்கிவைத்த தர்பூசணிக்கும் பச்சை வெங்காயத்திற்கும் இதே கணக்குத்தான்; பழத்தைக் கண்ணெதிரே வெட்டித் தரச் சொல்லுங்கள். ஐஸ் கிருமிகளைக் கொல்வதில்லை, பலவற்றை உறங்க மட்டுமே வைக்கிறது.

வயிற்றுப்போக்கு தொடங்கினால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு கொதித்தாறிய நீரில் முழுவதுமாகக் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.