போனஸ் பங்கு வந்தால் இபிஎஸ் என்ன ஆகும்? ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்

ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸின் 2023-24 ஆண்டறிக்கையில் இபிஎஸ், அதாவது பங்கு ஒன்றுக்கான வருவாய், 102.90 ரூபாய். அடுத்த ஆண்டறிக்கையில் 51.47. லாபம் பாதியாகிவிட்டதோ என்று பதற வேண்டாம். நடுவில், 2024 அக்டோபரில், ஒன்றுக்கு ஒன்று என்று போனஸ் பங்கு கொடுத்தார்கள். இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம்.

படி 1: லாபம். வரி போக லாபம் 60 லட்சம். அதில் முன்னுரிமைப் பங்குதாரர்களுக்கு 6 லட்சம் டிவிடெண்ட் போகிறது. மீதி 54 லட்சம்தான் சாதாரணப் பங்குதாரர்களுடையது. வகுக்கும்போது மேலே வைக்க வேண்டிய எண் இதுதான்.

படி 2: பங்குகள். ஏப்ரல் 1 அன்று 10 லட்சம் பங்குகள். அக்டோபர் 1 அன்று பணம் வாங்கிக்கொண்டு, சந்தை விலைக்கே, இன்னும் 4 லட்சம் வெளியிட்டார்கள். அந்தப் பணம் கம்பெனியில் உழைத்தது ஆறு மாதம்தான். அதனால் 4 லட்சத்தில் பாதி, 2 லட்சத்தை மட்டும் சேர்க்கிறோம். சராசரி 12 லட்சம்.

படி 3: வகுத்தல். 54 ÷ 12 = 4.50 ரூபாய்.

படி 4: போனஸ். ஜனவரி 1 அன்று, கையில் உள்ள இரண்டு பங்குக்கு ஒன்று இலவசம் என்று வைப்போம். 14 லட்சம் பங்குகள் 21 லட்சம் ஆகிவிடும். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். புதிய 7 லட்சத்துக்கும் மூன்று மாதக் கணக்குப் போட்டு, 13.75 லட்சத்தால் வகுத்து, 3.93 என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு.

ஏன்? போனஸில் கம்பெனிக்குள் ஒரு பைசாகூட வரவில்லை. ரிசர்வில் இருந்த தொகை பங்கு மூலதனம் என்று பெயர் மாறியது, அவ்வளவுதான். அதே தோசையைக் கூடுதல் துண்டுகளாகப் போட்ட மாதிரி. எப்போது துண்டு போட்டோம் என்பதற்கு இங்கே பொருள் இல்லை. ஆகவே ஆண்டின் முதல் நாளிலிருந்தே இருந்ததாகக் கொண்டு, சராசரி முழுவதையும் 1.5-ஆல் பெருக்க வேண்டும்: 18 லட்சம். இபிஎஸ் 3.00 ரூபாய்.

படி 5: போன வருடம். இதை விட்டால் ஒப்பீடே கெட்டுவிடும். போன வருட இபிஎஸ் 4.20 என்றால், அதையும் 1.5-ஆல் வகுத்து 2.80 என்று திருத்த வேண்டும். 2.80-லிருந்து 3.00, வளர்ச்சிதான். திருத்தாமல் பார்த்தால் சரிவு மாதிரித் தெரியும். கணக்கியல் விதியும் (Ind AS 33) இதையே கேட்கிறது. ஆண்டு முடிந்து, கணக்குக்கு ஒப்புதல் தருவதற்குள் போனஸ் வந்தாலும் இதே திருத்தம் உண்டு.

சரி, ரிலையன்ஸுக்கு வருவோம். புதிய அறிக்கையில் 2023-24 நெடுவரிசையில் 102.90 இருக்காது, 51.45 இருக்கும். அதனால் இரண்டு வருடங்களை ஒப்பிடும்போது பழைய அறிக்கையைத் தேடிப் போகாமல், புதிய அறிக்கையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்களையே எடுங்கள். போனஸுக்குப் பிந்தைய விலையைப் பழைய 102.90-ஆல் வகுத்தால், பங்கு உண்மையில் இருப்பதைவிடப் பாதி மலிவாகத் தெரியும்.